வந்திருப்பது ஆளா, அவருடைய மனநிலையா?

காதலைப் பற்றிக் கேட்டு விரிக்கும் டாரட் கார்டுகளில் ‘நைட் ஆஃப் கப்ஸ்’ வந்துவிட்டால் கேட்டவர் முகம் மலர்ந்துவிடும். 1909-ல் வெளியான ரைடர் கட்டுக்காக பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த வீரன் அவன். தலைக்கவசத்தில் சிறகு, கையில் கோப்பை, குதிரையோ நிதான நடையில் வருகிறது. ‘உங்கள் வாழ்க்கையில் ஒருவர் வரப்போகிறார்’ என்று சொல்லிவிட ரீடருக்கு நாக்கு துடிக்கும். அங்கேதான் அவசரப்படக் கூடாது.

ராஜா, ராணி கார்டுகள் முதிர்ந்து நிலைத்த சுபாவத்தைச் சொல்வதால் அவற்றை ஓர் ஆளாகப் பார்ப்பது எளிது. பேஜ் என்பது துளிர்க்கிற உணர்வு, வந்து சேரும் சேதி. நைட் என்பது வேகம், புறப்பாடு. இரண்டுமே மாறிக்கொண்டிருக்கும் நிலைகள் என்பதால்தான் இத்தனை குழப்பம்.

முதலில் பார்க்க வேண்டியது கார்டு விழுந்த இடம். ஐந்து கார்டு விரிப்பில் நான், அவர், எங்களுக்கு இடையே இருப்பது, அடுத்து நடப்பது, ஆலோசனை என்று இடங்களை முன்பே பிரித்துக்கொள்கிறோம். சில மாதங்களாகப் பழகும் ஒருவரைப் பற்றி ஒரு பெண் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ‘அவர்’ இடத்தில் பென்டகிள்ஸ் ராஜா, ‘அடுத்து’ இடத்தில் நைட் ஆஃப் கப்ஸ். இதைப் புது ஆள் என்று படிப்பது தவறு என்பேன். ஆளின் இடத்தில் ஏற்கெனவே ராஜா இருக்கிறார். அதிகம் பேசாத, கணக்குப் பார்த்துச் செலவழிக்கும் அந்த மனிதர் கொஞ்ச நாளைக்கு மனம் இளகி, சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லக்கூடும். இங்கே நைட் அவருடைய ஒரு பருவம் மட்டுமே.

அதே நைட் ‘அவர்’ இடத்திலேயே விழுந்து, அடுத்து ‘எய்ட் ஆஃப் கப்ஸ்’ வந்தால் கதை வேறு. அடுக்கிய கோப்பைகளை விட்டுவிட்டு ஒருவன் நிலவொளியில் விலகிப் போகும் படம் அது. உருகிப் பேசுவது, பிறகு வாரக்கணக்கில் மௌனம், மறுபடி பரிசோடு வந்து நிற்பது என்று அவர் பழகிய நாளிலிருந்தே இருந்தால் அது சுபாவம். போன மாதம் வரை ஒரே சீராக இருந்தவர் இப்போதுதான் இப்படி என்றால் அது மனநிலை. இதைத் தீர்மானிக்கக் கார்டு போதாது, நடந்தது தெரிய வேண்டும்.

பேஜுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. கோப்பையிலிருந்து எட்டிப் பார்க்கும் மீனை வியந்து பார்க்கும் ‘பேஜ் ஆஃப் கப்ஸ்’, பல நேரங்களில் கேட்கிறவரின் சொந்த ஆசைதான். ‘இடையே’ என்ற இடத்தில் அது விழுந்தால், அந்த உணர்வு இருவருக்கும் பொதுவா, தனக்கு மட்டுமா என்று அவரிடமே கேட்க வேண்டும்.

இந்தக் கேள்விகளைக் கார்டைத் திருப்பும் முன்பே கேட்டு, அவர் எப்படிப்பட்டவர், அண்மையில் என்ன மாறியது என்று இரண்டு வரி எழுதச் சொல்வது நல்லது. அழகான படத்தைப் பார்த்த பிறகு கேட்டால், பதில் அந்தப் படத்துக்கு ஏற்றபடி வளைந்துவிடும்.