மாத்திரை அட்டையில் ஒளிந்திருக்கும் பென்சிலின்

பல் பிடுங்கிய பிறகு டாக்டர் எழுதித் தரும் சீட்டில் அடிக்கடி தென்படும் பெயர் 'ஆக்மென்டின் 625'. மருந்துக் கடையில் அது இல்லையென்றால் 'கிளாவம்' கொடுப்பார்கள், அல்லது 'மாக்ஸிகைண்ட் சிவி' கொடுப்பார்கள். கம்பெனிதான் வேறு, மருந்து ஒன்றே. அது பென்சிலின் வகை மருந்து. ஆனால் மூன்று பெயரிலும் பென்சிலின் என்ற சொல் கிடையாது. சின்ன வயதில் பென்சிலின் ஊசி போட்டு உடம்பெல்லாம் தடித்துப்போன ஒருவர், அதை இன்றைக்கும் நன்றாக நினைவில் வைத்திருப்பார். இருந்தும் இந்த அட்டையை வாங்கும்போது அவருக்குச் சந்தேகமே வராது.

அட்டையைத் திருப்பிப் பார்த்தால் விஷயம் இருக்கிறது. 'அமாக்ஸிசிலின் அண்ட் பொட்டாசியம் கிளாவுலனேட் டேப்ளட்ஸ் ஐ.பி.' என்று ஒரு வரி. அதற்குக் கீழே, ஒவ்வொரு மாத்திரையிலும் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்ற பட்டியல்: அமாக்ஸிசிலின் 500 மில்லிகிராம், கிளாவுலனிக் அமிலம் 125 மில்லிகிராம். இரண்டையும் கூட்டினால் வருவதுதான் அந்த 625. அமாக்ஸிசிலின் பென்சிலின் குடும்பத்தைச் சேர்ந்தது. கிருமிகளைக் கொல்வது அதுதான். சில கிருமிகள் அதையே உடைத்துப்போடும் ஒரு நொதியைச் சுரக்கின்றன. அந்த நொதியை மடக்கி வைப்பதுதான் கிளாவுலனிக் அமிலத்தின் வேலை.

அலர்ஜிக்காரர் படிக்க வேண்டியது இந்தப் பட்டியலைத்தான். இங்கே அவருக்கு ஒரு வசதி உண்டு. பென்சிலின் குடும்பத்து மருந்துகளின் பொதுப்பெயர்கள் கிட்டத்தட்ட எல்லாமே 'சிலின்' என்றுதான் முடியும்: அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், குளோக்ஸாசிலின், டைகுளோக்ஸாசிலின், பைபராசிலின். ஆங்கிலம் சரளமாக வராதவர்கூட, பெயரின் வாலில் சி, ஐ, எல், எல், ஐ, என் என்ற ஆறு எழுத்துகள் வருகின்றனவா என்று பார்த்துவிடலாம். அமாக்ஸிசிலினை ஒரு கம்பெனி நடுவில் 'ஐ' போட்டு எழுதும், இன்னொன்று 'ஒய்' போட்டு எழுதும். வால் மாறாது. இந்தக் குடும்பத்தில் ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்றால், டாக்டர் பரிசோதித்துச் சரி என்று சொல்லும்வரை மற்றவற்றையும் தொடக் கூடாது. எல்லாவற்றுக்கும் நடுக்கரு ஒன்றே. உடம்பு வெறுப்பது அந்தக் கருவையாகவும் இருக்கலாம்.

வாலைத்தான் பார்க்க வேண்டும், தலையை அல்ல. ஆஸ்பத்திரியில் போடும் ஒரு ஊசியில் இமிபெனம் என்ற மருந்தோடு 'சிலாஸ்டாட்டின்' சேர்ந்திருக்கும். ஒலி ஒத்துப்போனாலும் சிலாஸ்டாட்டின் பென்சிலின் அல்ல. 'மைசின்' என்று முடியும் அஸித்ரோமைசினும் வேறு குடும்பம்.

குழப்பம் அதிகம் வருவது 'சிவி' என்ற இரண்டு எழுத்துகளால். சிவி என்றாலே பென்சிலின் என்று சிலர் நினைக்கிறார்கள். அது கூடவே வரும் கிளாவுலனேட்டைத்தான் குறிக்கிறது. முதல் மருந்து எது என்பதைச் சொல்வதில்லை. மாக்ஸிகைண்ட் சிவியில் முதல் மருந்து அமாக்ஸிசிலின். ஆனால் செஃபிக்ஸிம், செஃப்போடாக்ஸிம் போன்றவற்றோடும் கிளாவுலனேட் சேர்த்து, பெயருக்குப் பின்னால் அதே சிவியைப் போட்டு விற்கிறார்கள். இந்த 'செஃப்' வகையறா பென்சிலினுக்கு ஒன்றுவிட்ட உறவு. பென்சிலின் அலர்ஜி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இவை ஒத்துக்கொள்ளும். ஆனால் செஃபலெக்ஸினின் அமைப்பில் ஒரு பகுதி ஆம்பிசிலினைப் போலவும், செஃபட்ராக்ஸிலில் ஒரு பகுதி அமாக்ஸிசிலினைப் போலவும் இருப்பதால் அவற்றில் ஆபத்து கூடுதல். எதைக் கொடுக்கலாம் என்பது டாக்டர் முடிவு செய்ய வேண்டியது, கடைக்காரர் அல்ல.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. ஒருவருக்கு 625 மாத்திரை போட்ட அரை மணி நேரத்தில் உடம்பு தடித்து, உதடு வீங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சீட்டில் 'பென்சிலின் அலர்ஜி' என்று எழுதிவிடுவார்கள். மாத்திரையில் இருந்ததோ இரண்டு மருந்து. கிளாவுலனிக் அமிலத்துக்கு மட்டுமே அலர்ஜி உள்ளவர்களும் உண்டு. இவர் அப்படிப்பட்டவராக இருந்தால், பென்சிலினைத் தவிர்த்துக்கொண்டே நாளைக்கு ஒரு 'செஃபிக்ஸிம் சிவி'யை விழுங்கி, மறுபடியும் உதடு வீங்கி உட்கார்ந்திருப்பார். ஆகவே 'பென்சிலின் ஒத்துக்காது' என்று மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது. எந்த மாத்திரை, அதில் இருந்த மருந்துகள் என்னென்ன, எத்தனையாவது வேளையில், எவ்வளவு நேரம் கழித்து, என்ன ஆனது, அதற்கு என்ன சிகிச்சை கொடுத்தார்கள் என்று எழுதி வைக்க வேண்டும். அந்த அட்டையின் பின்பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தால் ஒவ்வாமை நிபுணருக்குப் பாதி வேலை மிச்சம்.

சேர்க்கை மருந்துகளில் பென்சிலின் எதிர்பாராத இடத்திலும் வரும். வயிற்றுப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் கிருமிக்கு ஒரு நாளைக்குரிய மாத்திரைகளை ஒன்றாக அடைத்து 'கிட்' என்று கொடுக்கிறார்கள். வாங்குபவர் அதை கேஸ் மாத்திரை என்றே நினைப்பார். உள்ளே அமில மாத்திரையோடு பெரும்பாலும் அமாக்ஸிசிலினும் இருக்கும். சளியை இளக்கும் புரோம்ஹெக்ஸினோடு அமாக்ஸிசிலினைச் சேர்த்த மருந்தும் கடைகளில் இருந்தது. 2023 ஜூனில் மத்திய அரசு தடை செய்த 14 சேர்க்கைகளில் அதுவும் ஒன்று. 'எல்பி' என்று முடியும் சில கேப்ஸ்யூல்களில் அமாக்ஸிசிலினும் ஒரு குளோக்ஸாசிலின் வகையும் லாக்டிக் அமில பேசிலஸோடு இருக்கும். எல்பி என்பது அந்த நல்ல கிருமியின் சுருக்கம். அதைப் பார்த்து, வயிற்றுக்கு இதமான ஏதோ ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது.

பொதுப்பெயரை வணிகப் பெயரைவிடப் பெரிதாக அச்சிட வேண்டும் என்று 2018இலேயே விதி வந்துவிட்டது. மூன்று மருந்துகளும் அதற்கு மேலும் சேர்ந்தவற்றுக்கு விலக்கு உண்டு. வேடிக்கை என்னவென்றால், குழப்பம் அதிகம் இருப்பதே அந்த மூன்று மருந்துச் சேர்க்கைகளில்தான். இது ஒருபுறம் இருக்க, கடையில் கத்தரிக்கோல் விதியை வென்றுவிடும். மூன்று மாத்திரை கேட்டால் அட்டையை வெட்டிக் கொடுப்பார்கள். வெட்டிய துண்டில் வணிகப் பெயரின் பாதியும் 625ம் மட்டும் மிஞ்சும். உள்ளடக்கப் பட்டியல் கடைக்காரரிடம் தங்கிவிடும். அலர்ஜி உள்ளவர் முழு அட்டையாக வாங்குவது நல்லது. முடியாவிட்டால், வெட்டுவதற்கு முன்பே அட்டையை வாங்கிப் படித்துவிட வேண்டும். சீட்டில் எழுதியது இல்லையென்று வேறு கம்பெனி மாத்திரை தந்தால் அதையும் புதிதாகப் படிக்க வேண்டும்.

குழந்தையாக இருக்கும்போது ஒட்டிக்கொண்ட 'பென்சிலின் அலர்ஜி' முத்திரை பலருக்கு இன்று உண்மையாக இருக்காது. அன்றைய தடிப்பு வைரஸ் காய்ச்சலால் வந்ததாக இருக்கலாம், இருந்த அலர்ஜியும் ஆண்டுகள் போகப் போகக் குறைந்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கத் தோல் பரிசோதனை இருக்கிறது. டாக்டர் கண்காணிப்பில் சிறிய அளவு மருந்து கொடுத்துப் பார்க்கும் முறையும் இருக்கிறது. வீட்டில் பாதி மாத்திரையைப் போட்டுப் பார்ப்பது இந்தக் கணக்கில் சேராது. கடுமையான அலர்ஜி பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் காட்டிவிடும்: உடம்பு தடிப்பது, உதடும் நாக்கும் வீங்குவது, மூச்சு இழுப்பது, தலைசுற்றி விழுவது. அப்போது 108ஐ அழைக்க வேண்டும். ஆம்புலன்ஸில் ஏறும்போது அந்த அட்டையையும் கையோடு எடுத்துப் போக வேண்டும்.