மஞ்சள் முகத்தோடு நிற்கிறதா?

சுகப்பிரசவம் என்றால் நம் ஊர் மருத்துவமனைகளில் பெரும்பாலும் மூன்றாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். நிறைமாதக் குழந்தையின் மஞ்சள் உச்சத்துக்கு ஏறுவதோ மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் நடுவில். மஞ்சளைப் பார்த்துப் பழகிய செவிலியர் பக்கத்தில் இருக்கும்வரை அது முகத்தோடு நிற்கும். தாய்வீட்டின் மங்கலான அறைக்குப் போன பிறகு இறங்கத் தொடங்கும். இந்த நாட்களுக்காகத்தான் டிஸ்சார்ஜ் ஃபைலில் ஒரு துண்டுத்தாளைச் செருகிக் கொடுக்கிறார்கள். அதிலுள்ள இரண்டு விஷயங்களை இந்த வாரம் விரித்துப் பார்ப்போம்.

முதலில் தொப்புள் கொடி. தாளில் ஒரே வரிதான் இருக்கும்: எதுவும் தடவ வேண்டாம். மஞ்சள் பொடி, சுட்ட வசம்பின் கரி, தேங்காய் எண்ணெய், பவுடர், சாம்பல், விபூதி எதுவுமே வேண்டாம். மருத்துவரே மருந்து எழுதித் தந்தால் மட்டும் அதைப் போடலாம். கொடி தானாகக் காய்ந்து கருத்துச் சுருங்கி, பெரும்பாலும் ஐந்து முதல் பதினைந்து நாளுக்குள் விழும். காற்றுப் பட்டால் சீக்கிரம் காயும். எண்ணெயும் பொடியும் ஈரத்தைப் பிடித்து வைத்துக் கிருமிக்கு இடம் கொடுக்கும். துணியையோ டயப்பரையோ தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்டுங்கள். சிறுநீரோ மலமோ பட்டுவிட்டால், கொதித்து ஆறிய நீரால் துடைத்து, சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். கொடி விழும்வரை தலைக்கு ஊற்றாமல் உடம்பைத் துடைத்துவிட்டால் போதும். நூலில் தொங்குகிறதே என்று இழுக்காதீர்கள்.

விழும்போது ஓரிரு சொட்டு ரத்தம் வரலாம், அது இயல்பு. ஒற்றி எடுத்தும் ரத்தம் நிற்காமல் கசிந்தால் அன்றே காட்ட வேண்டும். கொடியில் லேசான வாடை இருப்பதும் சாதாரணம்தான். நீங்கள் பார்க்க வேண்டியது கொடியை அல்ல, அதைச் சுற்றியுள்ள வயிற்றுத் தோலை. அந்தத் தோல் சிவந்து, தொட்டால் சுட்டு, சிவப்பு விரிந்துகொண்டே போனால், அல்லது சீழும் நாற்றமும் வந்தால், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொப்புளுக்குள் இருக்கும் ரத்தக்குழாய்கள் முழுதாக மூட நாளாகும். கிருமி அந்த வழியே நேராக ரத்தத்துக்குள் போய்விடும்.

தொப்புளும் மஞ்சளும் சந்திக்கும் இடமும் இதுதான். ரத்தத்தில் கிருமி ஏறினால் மஞ்சள் திடீரென்று கூடும். ஆகவே சிவந்த தொப்புளும் கூடும் மஞ்சளும் ஒரே குழந்தையிடம் தெரிந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

இனி மஞ்சள். பழைய ரத்த அணுக்கள் உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருள் உண்டாகிறது. கருவறையில் அதை வெளியேற்றியது தாயின் உடம்பு. பிறந்த பிறகு குழந்தையின் கல்லீரலே அந்த வேலையைப் பழக வேண்டும், அதற்குச் சில நாள் பிடிக்கும். கல்லீரல் பிரித்து அனுப்பியது மலத்தோடு வெளியே போகிறது. பால் போதாமல் மலம் குடலிலேயே தங்கினால், அந்த நிறப்பொருள் மறுபடி ரத்தத்துக்குத் திரும்பிவிடும். தாய்ப்பாலை நாளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை கொடுங்கள் என்று தாள் சொல்வது இதற்காகத்தான். சர்க்கரைத் தண்ணீரும் குளுக்கோஸும் வயிற்றை நிரப்பிப் பாலைக் குறைத்துவிடும். கழுதைப்பால் புகட்டுவதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். ஞாயிறு இரவு பத்து மணிக்கு, 37 வாரத்தில் பிறந்த தலைச்சன் பிள்ளை. தாயின் ரத்தம் ஓ பாசிட்டிவ். புதன் காலை வீட்டுக்கு வந்தபோது முகம் மட்டும் மஞ்சள். வியாழன் காலை ஜன்னலோரம் வைத்து, நெஞ்சில் விரலை மெல்ல அழுத்தி எடுத்தால், அழுத்திய இடம் மஞ்சளாகத் தெரிகிறது. நம் குழந்தைகளின் மாநிறத்தில் சும்மா பார்த்தால் இது தெரியாது. பகல் வெளிச்சத்தில் அழுத்திப் பார்த்தால்தான் பிடிபடும். ஈறுகளையும் கண்ணின் வெள்ளையையும் சேர்த்துப் பாருங்கள். வியாழன் மாலை மஞ்சள் தொப்புளைத் தாண்டிவிட்டது. பிள்ளை அன்று ஆறு முறைதான் பால் குடித்தான். மூன்று முறைதான் சிறுநீர் போனான். மலம் இன்னும் கரும்பச்சை. “சமத்தா தூங்குறான், எழுப்பாதே” என்கிறார்கள் வீட்டில்.

இந்த வியாழன் மாலையே கிளம்ப வேண்டிய நேரம். மஞ்சள் தலையிலிருந்து கால் நோக்கி இறங்கும். வயிற்றைத் தாண்டினால் ரத்தத்தில் அளவு ஏறுகிறது என்று கொள்ள வேண்டும். தாய் ஓ வகையாக இருந்து பிள்ளை ஏ அல்லது பி வகையாக இருந்தால் ரத்த அணுக்கள் வேகமாக உடையலாம். 37 வாரப் பிள்ளைக்கு உறிஞ்சும் பலமும் குறைவு. ஐந்தாம் நாளிலிருந்து ஆறு முறையாவது சிறுநீர் போக வேண்டும், மலமும் மஞ்சளாக மாறியிருக்க வேண்டும். இவனிடம் இரண்டும் அந்தத் திசையில் போகவில்லை. வெள்ளிக்கிழமை தொடையும் காலும் மஞ்சளாகும்வரை இந்த வீடு காத்திருந்தால், தூக்கம் சமர்த்து அல்ல என்பது அப்போதுதான் புரியும்.

மருத்துவமனையில் ரத்தத்தில் அளவைப் பார்ப்பார்கள். அந்த எண்ணுக்குத் தனியாகப் பொருள் கிடையாது. பிறந்து ஒரு நாள் ஆன குழந்தைக்கு 15 மில்லிகிராம் ஆபத்து. ஐந்தாம் நாளில் அதே 15, நிறைமாத ஆரோக்கியமான பிள்ளைக்குப் பெரும்பாலும் சிகிச்சை இல்லாமலே இறங்கிவிடும். அதனால் பிறந்த நேரத்தை மணி சுத்தமாகச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.

காலை வெயிலில் காட்டினால் போதாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் உண்மை இருக்கிறது. 1956-இல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் ஜீன் வார்ட் என்ற செவிலியர் குழந்தைகளை முற்றத்து வெயிலில் வைப்பார். ஒரு குழந்தையின் உடம்பில் துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாக நிற்பதை அவர் காட்டினார். நீல விளக்குச் சிகிச்சை பிறந்தது அங்கிருந்துதான். ஆனால் அந்த விளக்கு தேவையான நீல ஒளியை மட்டும், வேண்டிய அளவில், மணிக்கணக்காகக் கொடுக்கிறது. பத்து நிமிட இளவெயில் அதைச் செய்யாது. வெறும் உடம்போடு நெடுநேரம் வைத்தால் சூடோ குளிரோ தாக்கும். பெரிய கேடு என்னவென்றால், வெயில் காட்டுகிறோம் என்ற நம்பிக்கையில் இரண்டு நாள் போய்விடும். விளக்கில் வைத்த பிறகு தோல் வெளுத்துத் தெரியும் என்பதால், அப்போது கண்ணை நம்பாமல் ரத்தப் பரிசோதனையைத்தான் நம்ப வேண்டும்.

தாளில் இல்லாத ஒன்றைச் சேர்க்கிறேன். அந்துருண்டை போட்டு வைத்துப் பரணிலிருந்து எடுத்த பழைய துணியில் குழந்தையைச் சுற்றாதீர்கள். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவு. அந்துருண்டையின் வாடையே அவர்களின் ரத்த அணுக்களை உடைத்து மஞ்சளை ஏற்றிவிடும். துவைத்து வெயிலில் காயவைத்த துணிதான் நல்லது.

நடுராத்திரியானாலும் உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவை: பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள், உள்ளங்கையிலோ உள்ளங்காலிலோ மஞ்சள், எழுப்பினாலும் பால் குடிக்காத மயக்கம், கீச்சென்ற அழுகை, முதுகை வில்லாக வளைத்தல், காய்ச்சல் அல்லது உடம்பு சில்லிடுதல். பிலிருபின் மூளையில் படிந்தால் காது கேட்பதும் கைகால் அசைவும் நிரந்தரமாகக் கெடும். நேரத்தோடு வந்தால் பெரும்பாலும் விளக்கே போதும். வண்டி இல்லையென்றால் 108-ஐ அழையுங்கள். பச்சிளங்குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம்.

இரண்டு வாரம் கழிந்தும் மஞ்சள் போகவில்லை என்றால், குழந்தை நன்றாகக் குடித்து எடை கூடினாலும், மறுபடி காட்டுங்கள். அந்த நாட்களில் மலத்தின் நிறத்தைப் பாருங்கள். மலம் சுண்ணாம்பு போல வெளுத்து, சிறுநீர் துணியில் மஞ்சள் கறை விட்டால், பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சை 60 நாளுக்குள் நடந்தால் பலன் அதிகம். தள்ளிப்போகப் போகக் குறையும்.