தேதியைச் சொல்லும் இருபது விநாடி

புதிய கருவி ஒன்றுக்கு முன்பதிவு கேட்டு வீடியோ எடுக்கும் சிறு தயாரிப்பாளர், முதல் பத்து விநாடிக்குத்தான் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்வார். பணம் கட்டியவர் ஆறு மாதம் கழித்துத் தேடிப்பிடித்து ஓட்டிப் பார்ப்பதோ, எப்போது கைக்கு வரும் என்று அவர் சொன்ன இடத்தை.

2012 ஏப்ரலில் எரிக் மிகிகோவ்ஸ்கியின் சிறு குழு, பெபிள் என்ற கைக்கடிகாரத்துக்காகக் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 1 லட்சம் டாலர் கேட்டது. ஐந்து வாரத்தில் 1 கோடி டாலருக்கு மேல் குவிந்தது. பணம் கட்டியவர்கள் ஏறக்குறைய 69,000 பேர். செப்டம்பரில் தருவதாகச் சொன்ன கடிகாரம் 2013 ஜனவரி கடைசியில்தான் கிளம்பத் தொடங்கியது. இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். கேட்ட தொகைக்கு ஆயிரம் கடிகாரம் செய்தால் போதும். அவ்வளவுதான் என்றால் கையால் கோத்துக்கூட ஒப்பேற்றலாம். பல பத்தாயிரம் என்றால் பெரிய தொழிற்சாலை, அதற்கேற்ற மோல்டு, உதிரிப்பாகக் கொள்முதல் என்று எல்லாமே வேறு வேலை. எண்ணிக்கை எகிறியது, சொன்ன தேதி மட்டும் அப்படியே நின்றது.

ஆகவே வீடியோவில் தேதியைச் சொல்லும்போது, அது எத்தனை கருவிக்கான தேதி என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிளாஸ்டிக் கூடும் புளூடூத்தும் கொண்ட சின்னக் காற்றுத்தர மானி, 500 எண்ணிக்கை. பணம் பிப்ரவரி 1 அன்று கைக்கு வருகிறது. கூட்டுக்கான மோல்டு செய்ய 8 வாரம். மோல்டிலிருந்து வரும் முதல் மாதிரி சரியாக இருப்பது அபூர்வம்: திருகு ஏறும் இடத்தின் வெளிப்பக்கம் பிளாஸ்டிக் சுருங்கிக் குழி விழுந்திருக்கும், அல்லது மூடி கொக்கியில் மாட்டாது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் 3 வாரம் வைத்து, இரண்டு திருத்தத்துக்கு 6 வாரம். பூட்டிச் சோதிக்க 4, அனுப்பிச் சேர்க்க 3. மொத்தம் 21 வாரம், ஜூன் கடைசி. சர்க்யூட் போர்டும் வயர்லெஸ் அனுமதியும் இதற்குள்ளேயே ஒருபுறம் நடந்துவிடும் என்று வைத்துக்கொண்டால்தான் இந்தக் கணக்கு.

பலர் இந்த ஜூனைத்தான் வீடியோவில் சொல்கிறார்கள். ஆனால் எதுவும் பிசகாமல் போனால் வரும் தேதி அது. மூன்றாவது திருத்தம் தேவைப்பட்டால் 3 வாரம் கூடும். உணரி கிடைக்காமல் வேறொன்றைப் போட்டால் போர்டை மாற்றி வரைய வேண்டும், மறுபடி சோதிக்க வேண்டும். அதற்கு 8 வாரம் வையுங்கள். இரண்டும் சேர்ந்து வந்தால் செப்டம்பர் நடுவில் போய் நிற்கும். மோல்டு சீனாவில் என்றால், ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும் அவர்களுடைய புத்தாண்டு விடுமுறையையும் பார்க்க வேண்டும். பட்டறை திறந்த பிறகும் ஆட்கள் ஊரிலிருந்து திரும்பி வேலை சூடுபிடிக்கச் சில நாள் ஆகும்.

இதையெல்லாம் வீடியோவில் ஒப்பித்தால் பார்ப்பவர் ஓடிவிடுவார். பட்டறை மேஜையில் குழி விழுந்த மாதிரிக் கூட்டைக் கேமராவுக்கு நேரே பிடித்துக்கொண்டு இவ்வளவு பேசினால் போதும்:

“இது மோல்டிலிருந்து வந்த முதல் கூடு. இந்தக் குழி தெரிகிறதா? இதைச் சரிசெய்யாமல் உங்களுக்கு அனுப்ப மாட்டோம். எல்லாம் சரியாக நடந்தால் ஜூலையில் அனுப்பத் தொடங்குவோம். உணரி கிடைக்கத் தாமதமானால் செப்டம்பர் கடைசி ஆகும். இந்த முறை 500 மட்டும்தான். 501ஆவது ஆளுக்கு டிசம்பர். செப்டம்பர் 30க்குள் அனுப்பாவிட்டால், கேட்பவர்களுக்கு முழுப் பணத்தையும் திருப்பித் தருவோம்.”

கடைசி வரியைச் சொல்வதற்கு முன், அந்தப் பணம் உண்மையிலேயே கையில் இருக்குமா என்று பார்த்துக்கொள்வது நல்லது. முன்பணம் முழுவதும் மோல்டிலும் உதிரிப்பாகத்திலும் முடங்கிவிடும் என்றால், திருப்பித் தர முடிந்தது எவ்வளவோ அதை மட்டும் சொல்லுங்கள்.

காட்டும் பொருளும் உண்மையாக இருக்க வேண்டும். 2012 செப்டம்பரில் கிக்ஸ்டார்ட்டர், தான் கடை அல்ல என்று அறிவித்து, கருவித் திட்டங்களில் கணினியில் வரைந்த பளபளப்புப் படங்களுக்குத் தடை போட்டது. என்னென்ன பிசகலாம் என்பதை எழுதித் தர வேண்டும் என்றும் கேட்டது. திரையில் எண் ஓடுவது போல எடிட்டிங்கில் ஒட்டிய காட்சி இருந்தால், ‘மென்பொருள் இன்னும் முடியவில்லை, இது மாதிரிக் காட்சி’ என்று அதே காட்சியின் மேல் எழுதிவிடுங்கள்.

படமெடுக்கும்போது தேதி பேசும் பகுதியை மட்டும் தனி ஷாட்டாக எடுத்து வையுங்கள். முதல் மாதிரி வந்ததும் தேதி நகர்ந்தால், முன்பதிவு இன்னும் திறந்திருக்கும்போதே அந்த இருபது விநாடியை மட்டும் மாற்றிப் போட்டுவிடலாம். ஏற்கெனவே பணம் கட்டியவர்களுக்கு, புதிய தேதியை அன்றைக்கே தனியாக அனுப்ப வேண்டும்.