எலி செத்தால் தெள்ளு எங்கே போகும்?

பெரம்பலூர், அரியலூர் பக்கம் அறுவடை முடிந்ததும் மக்காச்சோள மூட்டை வீட்டுக்குள் வந்துவிடும். சின்ன வெங்காயம் பட்டறையில் ஏறும். தானியம் வந்த இடத்துக்கு எலியும் வரும். உடனே கடைக்குப் போய் எலி மருந்து வாங்கி மூலைக்கு மூலை வைக்கிறோம். மறுநாள் நாலைந்து எலி செத்துக் கிடந்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். ஆனால் அந்த எலிகளின் ரோமத்துக்குள் இருந்த தெள்ளுப்பூச்சிகள் என்ன ஆயின என்று யாரும் பார்ப்பதில்லை.

இந்தக் கேள்விக்கு 1898 ஜூன் மாதமே கராச்சியில் விடை கிடைத்துவிட்டது. பிளேக் பரவிக்கொண்டிருந்த அந்த நகரத்தில் பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன், நோயாளி ஒருவரின் வீட்டில் பிடிபட்ட நோயுற்ற எலியைத் தெள்ளுகளோடு ஒரு பெரிய கண்ணாடிச் சாடிக்குள் விட்டார். அது சாகும் தறுவாயில், நல்ல எலி ஒன்றைக் கம்பிக் கூண்டில் வைத்து அதே சாடிக்குள் தொங்கவிட்டார். இரண்டும் ஒன்றையொன்று தொடவே முடியாது. நோயுற்ற எலி செத்தது. சில நாளில் கூண்டு எலியும் பிளேக்கில் செத்தது. தெள்ளு இல்லாத நோய் எலியோடு நல்ல எலியை விட்டபோது நோய் தொற்றவில்லை. பிணம் குளிர்ந்ததும் தெள்ளு அதைவிட்டு இறங்கி, சூடுள்ள அடுத்த உடலைத் தேடிப் போகிறது. பக்கத்தில் எலி இல்லாவிட்டால் மனிதனின் கால்.

பிளேக் கிருமி தெள்ளின் வயிற்றுக்குப் போகும் வழியில் பெருகிக் கட்டியாகி அடைத்துக்கொள்ளும். குடித்த ரத்தம் உள்ளே இறங்காது. பசி அடங்காத தெள்ளு மாற்றி மாற்றிக் கடிக்கும். ஒவ்வொரு கடியிலும் அடைபட்ட ரத்தம் கிருமியோடு கடிவாய்க்குள் திரும்பி வரும். 1914இல் பேக்காட், மார்ட்டின் என்ற இருவர் இதைக் கண்டறிந்தார்கள்.

எலித் தெள்ளு பரப்பும் டைபஸ் காய்ச்சலின் வழி வேறு. இதில் கிருமி தெள்ளின் எச்சத்தில் இருக்கிறது. கடித்த இடம் அரிக்க, நாம் சொறிய, எச்சம் கீறலுக்குள் போகிறது. இந்தக் கிருமி எலியையும் கொல்லாது, தெள்ளையும் கொல்லாது. பிளேக் வருமுன் கூரையிலிருந்து எலிகள் செத்து விழும். டைபஸில் அந்த எச்சரிக்கைகூடக் கிடைக்காது. தமிழகத்தில் அதிகம் பேசப்படும் ஸ்க்ரப் டைபஸ் இதுவல்ல. அதைப் பரப்புவது புதரில் இருக்கும் உண்ணி வகைச் சிற்றுயிர். அது கடித்த இடத்தில் பெரும்பாலும் கருத்த பொருக்கு இருக்கும். எலித் தெள்ளு டைபஸில் பொருக்கு இருக்காது. டாக்ஸிசைக்ளின் இரண்டுக்குமே கேட்கும். ஆகவே விடாத காய்ச்சலோடு போகிறவர், வீட்டில் எலி இருப்பதையும் தெள்ளு கடித்ததையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

எலி மருந்தை முதலில் வைப்பது தெள்ளுகளை வீட்டுக்குள் அவிழ்த்துவிடுவதற்குச் சமம். நோய் இருக்கும் இடத்தில் சுகாதாரத் துறையினர் வரிசையை மாற்றுவது இதனால்தான். முதலில் வளையின் வாயிலும், சுவரோரம் எலி ஓடும் தடத்திலும் பூச்சிக்கொல்லித் தூள் தூவுவார்கள். எலி அதன்மேல் ஓடி, தன் ரோமத்தில் ஒட்டிய தூளை வளைக்குள் கொண்டுபோகும். தெள்ளின் புழு எலியின் உடம்பில் வளர்வதில்லை, வளையின் மண்ணிலும் குப்பையிலும்தான் வளர்கிறது. அங்கே தூளைச் சேர்க்க எலியைவிட நல்ல ஆள் கிடையாது. உயிரோடு இருக்கும் எலிதான் அந்த வேலையைச் செய்யும்.

தூள் வேலை செய்ததா என்று தெரிந்துகொள்ள, பொறியில் எலிகளைப் பிடித்து, ரோமத்தை வெள்ளைத் தட்டின்மேல் சீவித் தெள்ளுகளை எண்ணுவார்கள். ஓர் எலிக்குச் சராசரி ஒரு தெள்ளுக்கு மேல் இருந்தால் ஆபத்து. எண்ணிக்கை நன்றாக விழுந்த பிறகே எலி மருந்து. கூட்டுப்புழுவாக இருக்கும் தெள்ளுக்குத் தூள் எட்டாது என்பதால், பிறகு வெளிவரும் பூச்சிகளுக்காகத் தூளின் வீரியம் சில வாரமாவது நிற்க வேண்டும். தெள்ளு மருந்துக்குப் பழகிப்போயிருந்தால் எண்ணிக்கை குறையாது. அப்போது மருந்தை மாற்ற வேண்டும். வளையை அடைத்து நச்சுப் புகை விட்டால் எலியும் தெள்ளும் சேர்ந்தே சாகும். ஆனால் அந்தப் புகை வீட்டில் இருப்பவர்களையும் கொல்லும். வீட்டிலும் வீட்டை ஒட்டியும் அதற்கு இடமில்லை.

அமெரிக்காவில் 1944இல் 5,000க்கும் மேற்பட்டோருக்கு எலித் தெள்ளு டைபஸ் வந்தது. எலித் தடங்களில் டிடிடி தூள் தூவத் தொடங்கியபின் அது சில ஆண்டுகளில் பெரிதும் குறைந்தது. எலிகள் அப்போதும் இருந்தன.

பூச்சிக்கொல்லித் தூளை நாமாகவே தானியத்தின்மேலும் வெங்காயத்தின்மேலும் தூவக் கூடாது. நம்மால் ஆவது வேறு. மூட்டையைத் தரையிலிருந்து உயர்த்திப் பலகையில் அடுக்கலாம். வளைகளை மூடலாம். செத்த எலியை வெறுங்கையால் தொடாமல் நீண்ட குச்சியால் தள்ளி ஆழமாகப் புதைக்கலாம். எலிகள் திடீரென்று கூட்டமாகச் செத்தால், மருந்து வைத்த நினைவு யாருக்கும் இல்லையென்றால், அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். அப்போது ஊருக்கு முதலில் வர வேண்டியது தூள்தான், எலி மருந்து அல்ல.