போனில் தங்கிப்போன கஸ்டமர்கள்

கடைசி வேலை நாளில் லேப்டாப், சிம் கார்டு, ஐ.டி. கார்டு எல்லாவற்றையும் ஒப்படைத்து நோ டியூஸ் வாங்கியதும், ஹெச்.ஆர். இன்னொரு தாளை நீட்டுவார். நிறுவனத்தின் ரகசியங்களைக் காக்கும் கடமை வேலையை விட்ட பிறகும் தொடரும் என்று அதில் இருக்கும். பாதிப் பேர் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். மீதிப் பேர், 'நம்மைத் திருடன் என்கிறார்களா?' என்று முகம் சுளிக்கிறார்கள்.

உண்மையில் அந்தத் தாள் புதிதாக எதையும் நம் தலையில் ஏற்றுவதில்லை. சேரும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இருப்பதைத்தான் நினைவூட்டுகிறது. நாளைக்கு வழக்கு என்று வந்தால், 'அது ரகசியம் என்று எனக்குத் தெரியவே தெரியாது' என்று சொல்ல முடியாமல் போகும். அதுதான் அதன் பயன். அப்படியானால் எது ரகசியம் என்று கடிதம் பெயர் சொல்ல வேண்டும். 'அனைத்துத் தகவல்களும்' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பாதிப் பயன் போச்சு.

எது ரகசியம் என்பதில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1995-ல் வந்தது தபால் மூலம் பொருள் விற்கும் நிறுவனத்தின் வழக்கு. அங்கே வேலை பார்த்தவர் வெளியேறி அதே தொழிலைத் தொடங்கினார். பழைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியல் அவர் கையில் இருந்தது. காலமும் பணமும் உழைப்பும் போட்டுத் தொகுத்த பட்டியலுக்குப் பதிப்புரிமை உண்டு என்று சொல்லி நீதிமன்றம் தடை போட்டது. 2006-ல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கி, வேறு வங்கிக்குப் போக இருந்த தன் அதிகாரிக்கு எதிராகத் தடை கேட்டது. கிடைக்கவில்லை. வாடிக்கையாளர் யார் யார் என்று ஒருவருக்குத் தெரிந்திருப்பதையே வணிக ரகசியம் ஆக்கிவிட முடியாது, ரகசியத்தின் பெயரால் ஒருவரை அதே வேலையில் கட்டிப்போடவும் முடியாது என்றது நீதிமன்றம். ஆக, தலையில் இருப்பது ஒன்று, ஃபைலில் இருப்பது வேறொன்று.

இன்சூரன்ஸ் புரோக்கர் அலுவலகத்தை விட்டுப் போகும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். முந்நூறு வாடிக்கையாளர்களைப் பார்த்துக்கொண்டவர். அவர்களுடைய பெயரும் முகமும் அவருக்கு மனப்பாடம். அதை யாரும் பிடுங்க முடியாது. ஆனால் யாருடைய பாலிசி எந்த மாதம் புதுப்பிப்புக்கு வருகிறது, பிரீமியம் எவ்வளவு என்ற எக்செல் ஷீட்டை, வீட்டில் வேலை பார்ப்பதற்காக எப்போதோ தன் சொந்த மெயிலுக்கு அனுப்பியிருக்கிறார். தொழிலின் உயிர்நாடி அந்த ஷீட்தான். புதுப்பிப்புக்கு ஒரு வாரம் முன்னால் போன் செய்கிறவருக்குத்தானே வியாபாரம்!

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதுதான் பலர் கண்ணில் படுவதில்லை. வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆதார், பான் கார்டு படங்கள். அவை அலுவலகத்தின் ரகசியம்கூட அல்ல, அந்த வாடிக்கையாளர்களுடையவை. வேலை ஒப்பந்தத்தால் கைக்கு வந்த தனிநபர் விவரத்தை, ஆதாயத்துக்காக அனுமதியின்றி வெளியே கொடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 72ஏ பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. சாட்டை அழித்தால் போதும் என்று நினைப்போம். படங்கள் கேலரியிலும், அங்கிருந்து கூகுள் போட்டோஸிலும், வாட்ஸ்அப் பேக்கப்பிலும் உட்கார்ந்திருக்கும்.

இந்தப் பெண்ணுக்கான கடிதம் இப்படி இருந்தால் உருப்படியாக இருக்கும்: 'புதுப்பிப்புப் பட்டியல், கமிஷன் விகிதம், வாடிக்கையாளர்களின் அடையாள ஆவணங்கள் ஆகியவை ரகசியமானவை. இவற்றின் நகல் உங்கள் மெயில், போன், டிரைவ், பென் டிரைவ் எதில் இருந்தாலும் தெரிவியுங்கள். எங்கள் ஐ.டி. பிரிவினர் முன்னிலையில் அழித்துக்கொள்ளலாம்.'

முன்னிலையில் என்பதை வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். நல்லெண்ணத்தில் தானாகவே எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போகிறவர், பின்னால் தகராறு வந்தால் ஆதாரத்தை அழித்தவராகத் தெரிவார்.

நிறுவனங்கள் சறுக்கும் இடம் வேறு. 'இரண்டு வருடம் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது' என்று கடிதத்தில் ஒரு வரியைச் சொருகிவிடுவார்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 27-ஆம் பிரிவில், தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. வேலையில் இருக்கும்போது அப்படிக் கட்டுப்படுத்தலாம், விட்ட பிறகு முடியாது. செல்லாத மிரட்டல் ஒன்று உள்ளே இருந்தால், செல்லுபடியாகும் வரிகளையும் யாரும் மதிக்க மாட்டார்கள்.

இன்னொரு சறுக்கலும் உண்டு. யாராவது எடுத்துப் போனார்களா என்பதை நோட்டீஸ் பீரியடின் தடயங்கள்தான் காட்டும்: சொந்த மெயிலுக்குப் போன அட்டாச்மென்ட்கள், ராத்திரி பதினொரு மணிக்கு மொத்தமாக இறங்கிய ஃபைல்கள், லேப்டாப்பில் செருகிய பென் டிரைவ். சந்தேகம் எழுவதோ இரண்டு மாதம் கழித்து, வாடிக்கையாளர்கள் வரிசையாக விலகும்போது. அதற்குள் அந்த லேப்டாப்பை ஃபார்மேட் செய்து, புதிதாகச் சேர்ந்த பையனிடம் கொடுத்திருப்பார்கள்.