கேஸ் கட்டில் கிறுக்கல்... அடுத்த வாய்தா 23ஆ, 28ஆ? கண்டுபிடிப்பது எப்படி?

"சார், அடுத்த வாய்தா எப்போ?" என்று கட்சிக்காரர் போனில் கேட்டதும், வக்கீல் ஆபீஸில் தேடுவது கேஸ் கட்டைத்தான். ஒவ்வொரு விசாரணையிலும் என்ன நடந்தது, அடுத்த தேதி என்ன என்று அதில் கையால் எழுதி வைத்திருப்பார்கள். அதைத் தேதிவாரியாக டைப் செய்யும் வேலை பெரும்பாலும் ஜூனியர் தலையில் விழும்.

ஒரு எண்ணைத் தப்பாகப் படித்தால், அந்த நாளில் பிரதிவாதி தரப்பில் யாரும் ஆஜராகாமல் வழக்கு எக்ஸ்பார்ட்டி ஆகிவிடலாம். தீர்ப்பாணையும் வந்துவிட்டால், அதை ரத்து செய்ய 30 நாளுக்குள் மனு போட்டு அலைய வேண்டும்.

மூன்று கட்டம் போதும்

விசாரணை தேதி, நடந்தது, அடுத்த தேதி. ஒரு வரியின் 'அடுத்த தேதி'தான் கீழ்வரியின் 'விசாரணை தேதி'யாக வர வேண்டும். இந்தச் சங்கிலிதான் தப்பைக் காட்டிக்கொடுக்கும்.

ஒரு கற்பனை சிவில் வழக்கைப் பார்ப்போம். 5.3.2025 குறிப்பில் 'எதிருரைக்கு அவகாசம்' என்று இருக்கிறது. அடுத்த தேதி 1.4ஆ, 7.4ஆ என்று புரியவில்லை. அடுத்த குறிப்பு 7.4.2025 என்று தொடங்குகிறது. ஆக, அது 7 தான்.

7.4 குறிப்பு வழக்கை 9.6-க்குத் தள்ளுகிறது. ஆனால் அடுத்த குறிப்பு 23.6-ல் இருக்கிறது. அப்படியானால் 9.6 அன்று நடந்தது எழுதப்படவில்லை. 'வாய்தா போட்டிருப்பாங்க' என்று நாமே நிரப்பக் கூடாது. 9.6-க்கு ஒரு வரி போட்டு, 'குறிப்பு இல்லை' என்று எழுதி வக்கீலிடம் கேட்க வேண்டும்.

கடைசி வரிதான் சிக்கல்

23.6 குறிப்பில் அடுத்த தேதி 23.7ஆ, 28.7ஆ? கீழே வரி இல்லாததால் சங்கிலி இங்கே உதவாது. கிழமை பார்த்தாலும் 23 புதன், 28 திங்கள். இரண்டுமே கோர்ட் நாள். எனவே 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை இ-கோர்ட்ஸ் தளத்தில் போட்டு, அங்குள்ள தேதியோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கோர்ட்டிலேயே விசாரிப்பதுதான் வழி.

மஞ்சள் எதற்கு?

முடிந்துபோன வாய்தாக்களுக்கும் கலர் அடித்தால், வரப்போகும் தேதி கண்ணில் படாது. அடுத்த தேதி C கட்டத்தில் இருந்தால், எக்செலின் Conditional Formatting-ல் இதைப் போடலாம்:

```
=$C2>=TODAY()
```

எல்லா வரியும் மஞ்சளாகிவிட்டதா? புள்ளி வைத்து அடித்த 7.4.2025 போன்றவற்றை எக்செல் தேதியாக எடுக்காமல் வெறும் எழுத்தாக எடுத்திருக்கலாம். எழுத்து எப்போதும் எண்ணைவிடப் பெரியது என்பது அதன் கணக்கு. 07-04-2025 என்று கோடு போட்டு அடித்துப் பாருங்கள். தேதியாக ஏற்றுக்கொண்டால் அது கட்டத்தின் வலது ஓரத்தில் போய் நிற்கும். எழுத்தாகவே இருந்தால் இடது ஓரத்தில் இருக்கும்.