அடையாளம் தொலைத்த செல்

1986இல் ஸ்வீடன் ஆய்வாளர் கிளாஸ் கார்ரேயின் குழு, எலிகளுக்கு இரண்டு வகை நிணநீர்ப் புற்றுச் செல்களைச் செலுத்தியது. இரண்டும் ஒரே மூலத்தில் பிறந்தவை. ஒன்றின் மேற்பரப்பில் எம்.எச்.சி. முதல் வகுப்புப் புரதம் இருந்தது. மற்றதில் அது மிகக் குறைவு. புரதம் உள்ளவை கட்டியாக வளர்ந்தன. குறைந்தவற்றை இயற்கைக் கொல்லி செல்கள் அழித்துவிட்டன. அந்நியமானது இருப்பதை அல்ல, சொந்த அடையாளம் இல்லாததையே அவை கவனிக்கின்றன.

ஆரோக்கியமான செல்லைத் தொடும்போது, கொல்லி செல்லின் தடுப்பு ஏற்பி அந்தப் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. உடனே உள்ளே எஸ்.எச்.பி.-1 நொதி வந்து, தாக்குதல் சமிக்ஞையைக் கடத்தும் மூலக்கூறுகளின் பாஸ்பேட்டை நீக்குகிறது. தாக்குதல் நின்றுவிடுகிறது.

அப்படியானால், பிறவியிலேயே இந்தப் புரதம் இல்லாத எலி தன்னைத்தானே அழித்துக்கொள்ள வேண்டாமா? இல்லை. அதன் கொல்லி செல்கள் மந்தமாகிவிடுகின்றன. வளரும்போது தடுப்பு ஏற்பி சொந்தப் புரதத்தைச் சந்தித்தால்தான் முழு வீரியம் கிடைக்கிறது. இதையே ‘கல்வி’ என்கிறார்கள், பொருத்தமான பெயர்தான்.

அடையாளம் இல்லாதது மட்டும் தாக்குதலுக்குப் போதாது. தூண்டும் சமிக்ஞையும் வேண்டும். நம் சிவப்பணுக்களில் இந்தப் புரதம் மிகச் சொற்பம். ஆனாலும் கொல்லி செல்கள் அவற்றைத் தொடுவதில்லை.